ஆடை படியாத பால்

துவாக்குடியில் ஒரு மாணவியர் விடுதியின் மெஸ்ஸை நான் மேற்பார்வை பார்த்து வந்தேன். முசிறிப் பக்கத்திலிருந்து வேனில் கேன் கேனாகப் பால் வரும். நாலரை சதவீதக் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆனால் கொஞ்ச நாளாகக் காய்ச்சினால் ஆடை படியவில்லை; தயிரும் கெட்டியாக உறையவில்லை. பால் சப்ளை செய்பவரிடம் போனில் சொன்னேன்.

"லாக்டோமீட்டர் போட்டுப் பாருங்கம்மா, சரியா இருக்கும்" என்றார்.

சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. லாக்டோமீட்டர் காட்டுவது பாலின் அடர்த்தியை மட்டும்தான். கொழுப்பை எடுத்துவிட்டால் அது கூடும். பிறகு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் லாக்டோமீட்டர் ஏமாந்துவிடும். வேன் டிரைவர் முன்னிலையிலேயே கேனை நன்றாகக் கலக்கி மாதிரி எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினேன். கொழுப்பு மூன்று சதவீதம்கூட இல்லை.

அறிக்கை வந்த அன்றே சப்ளை செய்பவருக்குக் கடிதம் எழுதி, அறிக்கையை இணைத்து வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். "ஆடையை எடுத்துத் தண்ணீர் சேர்த்த பாலை முழுப்பால் என்று தருகிறீர்கள். இது கவனக்குறைவு இல்லை, ஏமாற்று வேலை. விளக்கம் தராவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யப் பரிந்துரைப்பேன்."

மறுநாள் காலை வேனோடு அவரே வந்தார்.

"ஹாஸ்டல் பிள்ளைங்க காபிக்குத்தானேம்மா, இதுக்குப் போயி லெட்டரா?"

தவறு என்று ஒப்புக்கொண்டிருந்தால் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருப்பேன். அந்தப் பேச்சை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு கேனும் இறக்காதீங்க. அப்படியே எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அன்று கடையில் பாக்கெட் பால் வாங்கிக் காபி போட்டோம். வார்டன் அந்த வாரமே ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.