அட்டையில் நான் எழுதிய பன்னிரண்டு புள்ளி நாலு

சட்டை துவைத்து வரும்போதெல்லாம் ஓட்டை. கந்தக அமிலம் பருத்தியை உடனே தின்பதில்லை. தெறித்த இடத்தில் ஒன்றும் தெரியாது, போட்டுக்கொண்டு சுற்றலாம், துவைகல்லில் ஓர் அடி விழுந்ததும் பொத்தலாகிவிடும். கொச்சி மட்டாஞ்சேரியில் என் அத்திம்பேரின் பேட்டரி சார்ஜிங் கடையில் நான் இருந்த மூன்று வருஷமும் என்னிடம் பொத்தலில்லாத சட்டை கிடையாது. எழுபதுகளின் கடைசி. ரசாயனத்தில் பட்டம் வாங்கி, ஏலூர் தொழிற்சாலைகளுக்கு மனுப் போட்டுப் போட்டு, பதில் வராமல், கையை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தேன். முன்னால் மிளகு மண்டி, பின்னால் காயல். மிளகு நெடியும் அமில நெடியும் மூக்குக்குள் சண்டை போட்டுக்கொள்ளும்.

படித்தவன் சும்மா இருக்க மாட்டான். நானும் இருக்கவில்லை. ஒரு மழை நாளில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, பிஸ்கெட் அட்டைப்பெட்டியின் உள்பக்கத்தில் கரிக்கட்டியால் படம் போட்டு அத்திம்பேருக்குப் பாடம் எடுத்தேன். பேட்டரி வேலை செய்யச் செய்ய இரண்டு தகடுகளும் அமிலத்திலுள்ள சல்பேட்டை இழுத்துத் தம்மேல் பூசிக்கொள்கின்றன. அங்கே தண்ணீர் உண்டாகிறது. ஆக அமிலம் நீர்த்துக்கொண்டே வருகிறது, அயனிகளின் செறிவு குறைகிறது, செறிவு குறையக் குறைய வோல்ட்டும் இறங்குகிறது. ஆனால் தடதடவென்று இறங்காது. அமிலம் பாதியானால் வோல்ட் பாதியாகிவிடாது, கொஞ்சமே குறையும், மறுபடியும் பாதியானால் மறுபடியும் அதே கொஞ்சம். மாடிப்படி போல அல்ல, கடற்கரைச் சரிவு போல.

அத்திம்பேர் பாக்குத் துண்டை நாக்கால் ஒதுக்கிவிட்டு, இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்றார்.

பிரயோஜனத்தையும் காட்டினேன். ஹைட்ரோமீட்டரின் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சினால் உள்ளே மிதவை நிற்கும் இடம் அடர்த்தியைச் சொல்லும். அது ஒன்று புள்ளி இரண்டு ஐந்து என்றால், அதோடு புள்ளி எட்டு நாலைக் கூட்டினால் அந்த அறையின், அதாவது ஒரு செல்லின், வோல்ட், ஏறக்குறைய இரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்பது. ஆறு அறைக்குப் பன்னிரண்டரை. மீட்டர் வைக்காமலே வோல்ட் சொல்லலாம். அவருக்கு அது ஜாலவித்தை மாதிரி இருந்தது. வந்தவர் போனவரிடமெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டினார். மைத்துனன் காலேஜில் படித்தவன் என்று என் தோளைத் தட்டினார். நான்தான் பிறகு ஒரு பழக்கத்தையும் தொடங்கிவைத்தேன். கடையைவிட்டுப் போகும் ஒவ்வொரு பேட்டரியின் கைப்பிடியிலும் ஒரு சிறு அட்டை, அதில் என் கையெழுத்தில் அடர்த்தியும் வோல்ட்டும். எவ்வளவு சுத்தமான எண்கள். எவ்வளவு பெருமை எனக்கு.

குளச்சல் பக்கத்திலிருந்து வந்து கொச்சியில் மீன்பிடி போட்டு, அதாவது விசைப்படகு, ஓட்டிய ஸ்ராங்க் ஒருவர் எங்கள் வாடிக்கை. ஸ்ராங்க் என்றால் போட்டின் தலைவன், சக்கரம் பிடிப்பவன். போட்டு அவருடையதல்ல, பஜார் ரோட்டில் கடை வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. அந்த வருஷ மழையில் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் கட்டிக் கிடந்தது. பேட்டரியும் இறங்கின நிலையிலேயே உள்ளே கிடந்தது. கடல் தெளிந்ததும் முதல் நாள் எஞ்சின் எடுக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் தடவையும் துறையில் நின்றால் போட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்தப் பேச்சைத் தலையில் வைத்துக்கொண்டுதான் ஸ்ராங்க் பேட்டரியைத் தோளில் சுமந்து வந்தார்.

அடர்த்தி ஒன்று புள்ளி ஒன்று. கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். மெதுவாக, குறைந்த மின்னோட்டத்தில் மூன்று நாள் ஏற்ற வேண்டும் என்றேன். நாளைக் காலை வேண்டும் என்றார் அவர். ஏற்ற வைத்தோம். அன்று பகல் முழுக்கக் கரண்டு வந்து வந்து போயிற்று. சார்ஜ் ஏற்றும் ரெக்டிஃபையர் உறுமும், அடங்கும், உறுமும், அடங்கும். நான் சாப்பிடப் போய்த் திரும்பியபோது மணி நாலு. பேட்டரி மேசைமேல் இருந்தது. வோல்ட்மீட்டர் மாட்டியிருந்தது. முள் பன்னிரண்டைத் தாண்டி மெல்ல, பூனை நடையில் ஏறிக்கொண்டிருந்தது. கரண்டு இல்லை. கரண்டு இல்லாமல் ஏறுகிறது.

பக்கத்தில், கெட்டி அமிலம் வைக்கும் பீங்கான் ஜாடி காலியாக இருந்தது. ரப்பர் உறிஞ்சியால் நீர்த்ததை வெளியே எடுத்துவிட்டுக் கெட்டி அமிலத்தை ஊற்றியிருந்தார் அத்திம்பேர்.

அவரை உள்ளே கூப்பிட்டு, இது தப்பு என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"நீதானேடா படம் போட்டுக் காட்டினே? ஆசிட் கெட்டியானா வோல்ட் ஏறும்னு. ஏறித்தா இல்லையா, பாரு."

"ஏறும் அத்திம்பேர். ஆனா தகட்டில இருக்கற சல்பேட் அங்கேயேதான் இருக்கு. சார்ஜ் ஏத்தினா அது கரைஞ்சு ஆசிட்டா திரும்பி வரணும். நாம வெளியிலேர்ந்து ஊத்தினா..."

"மிண்டாதிரு, வாயைத் திறக்காதே. அந்த மனுஷன் வாசல்ல நிக்கறான். அட்டையை எழுது."

என் பாடத்தைத்தான் அவர் திருப்பிப் போட்டிருந்தார். காய்ச்சல் வந்தால் பாதரசம் ஏறும் என்று நான் சொன்ன மாதிரி அது. பாதரசத்தை இறக்கிக் காய்ச்சலைக் குணப்படுத்திவிட்டார். பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று காட்ட இன்னொரு வழி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அறை ஒவ்வொன்றுக்கும் பெரிய பாரம் கொடுத்து, அதாவது நிறைய மின்னோட்டத்தை இழுத்து, சோதிக்கும் செல் டெஸ்டர், இரண்டு முனை உள்ள கவை மாதிரிக் கருவி, ஆணியில் தொங்கியது. அதன் பாரப்பட்டை எரிந்துபோய் நாலு மாதம். சரி செய்யலாம் சரி செய்யலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டிருந்தேன். வோல்ட்மீட்டர் இருக்கும்போது அது எதற்கு என்ற திமிர்.

வாசலில் ஸ்ராங்க் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எழுதினேன், பன்னிரண்டு புள்ளி நாலு. அது பொய் இல்லை. முள் அங்கேதான் நின்றது.

மறுநாள் காலையில் எஞ்சின் எடுத்துவிட்டது. தகடுகளில் மிச்சமிருந்த கொஞ்ச உயிருக்கு ஒரு தடவை சுற்றப் போதுமாக இருந்தது. காயல் கடலில் சேரும் அழிமுகம் தாண்டி வெகுதூரம் போய், வலையில் ஏதோ சிக்கி எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு எடுக்கவில்லை. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் ஒரு முனகல், மறுபடி பொறுத்தால் அதைவிடச் சின்ன முனகல். ஏன் அப்படி முனகியது என்று எனக்குத் தெரியும். தகட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் அமிலம் முதலில் தீர்கிறது, சும்மா விட்டால் வெளியே உள்ளது மெல்ல உள்ளே ஊறுகிறது, வோல்ட் திரும்பி வந்ததுபோல் ஆசை காட்டுகிறது. கடலில் ஆறு பேர் அந்த ஆசையைக் கேட்டபடி மிதந்தார்கள். மாலையில் வைப்பின் தீவுப் போட்டு ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது.

அடுத்த நாள் முதலாளி கடைக்கு வந்தார், பின்னால் ஸ்ராங்க், ஸ்ராங்கின் தோளில் பேட்டரி. முதலாளி கத்தவில்லை. கைப்பிடியில் தொங்கிய அட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். நல்ல பேட்டரி போயிருக்கிறது, எழுதியே இருக்கிறது, அப்படியானால் இவன்தான் ராத்திரியெல்லாம் விளக்கைப் போட்டு இறக்கியிருக்கிறான் என்றார் மலையாளத்தில். விளக்குப் போடவே இல்லை என்றார் ஸ்ராங்க். அத்திம்பேர் அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, காலேஜில் படித்த பையன் அளந்தது என்றார்.

அப்போதுதான் வாய் திறந்தேன். எண் சரி, அது அமிலத்தின் எண், பேட்டரிக்குள் இருக்கும் சார்ஜின் எண் அல்ல என்று சொல்ல ஆரம்பித்து, சல்பேட் என்று, அயனி என்று, செறிவு என்று, போகப் போக முதலாளியின் முகம் மூடிக்கொண்டே வருவதைப் பார்த்தேன். சரி, காட்டிவிடுவோம் என்று இரண்டு லாரி விளக்குகளை எடுத்துப் பேட்டரியில் மாட்டினேன். ஒரு ராத்திரி ஓய்ந்து கிடந்ததில் முள் பன்னிரண்டில் நின்றிருந்தது. விளக்கு எரிந்ததும் பதினொன்று, பத்தரை, பத்து. விளக்கு சிவந்து மங்கியது. பாருங்கள் என்றேன், மூச்சு வாங்க.

விளக்கு போட்டால் எந்தப் பேட்டரியும் இறங்காதா என்று கேட்டார் அவர். கேட்டுவிட்டு, விளக்கைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். எல்லாரும் முள்ளைப் பார்த்தோம். அது ஏறத் தொடங்கியது. நான் அதைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் மன்றாடினேன். ஊறுகிறது, உள்ளே ஊறுகிறது, சட்டப்படி ஊறுகிறது. பதினொன்று. பதினொன்றரை. அதற்கும் மேலே.

பேட்டரியில் குறையில்லை என்பதுபோல் முதலாளி ஒரு தடவை ஸ்ராங்கைப் பார்த்தார். போட்டின் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

பாரம் ஏற்றினால் நல்ல பேட்டரி எவ்வளவு நிற்கும் என்று காட்ட இன்னொரு பேட்டரியை எடுத்து மாட்டியிருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்திருந்தால் குழந்தைக்கும் புரிந்திருக்கும். அலமாரியில் நாலு பேட்டரி முழு சார்ஜோடு இருந்தன. அது எனக்குத் தோன்றியது இரண்டு நாள் கழித்து, படகுத்துறையில், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது.

அத்திம்பேர் உள்ளே போய்விட்டார். ஸ்ராங்க் மட்டும் நின்றார். மேசையில் கிடந்த அட்டையை விரலால் தள்ளினார்.

"மக்கா, நீ எழுதினது பொய்யா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்போ எனக்க மேலயா பொய்யி?"

"உங்க மேலயும் இல்ல."

"பின்ன நேத்தைக்கு முன்னாடி நான் இந்த வாசல்லதானே நின்னேன். இப்ப விளக்கெல்லாம் மாட்டிக் காட்டுத. அன்னைக்கு ஒத்த வார்த்த, கொண்டு போவாதேன்னு சொல்லப்பிடாதா?"

பதில் இருந்தது. நீளமாக இருந்தது. அவர் பேட்டரியை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டுத் துறைப் பக்கம் நடந்தார். அந்தப் போட்டில் அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்த வாரமே செல் டெஸ்டரின் பட்டையை மாற்றினேன். அத்திம்பேர் வாங்கிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், அதே ஆணியில் மாட்டினார். ஆள் வந்து நிற்கும்போது பளபளவென்று தெரிந்தது. அட்டை கட்டும் பழக்கத்தையாவது நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்றார். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று என்றார். நான் எழுத மறுத்த பிறகு அவரே எழுதினார், என் கையெழுத்தைப் போலவே, எட்டுக்கு நான் போடும் அந்தச் சின்ன வால் உள்பட.