அலீமா மிஸ் எழுதிய நேரங்கள்

நிஸ்ரினுக்கு மருத்துவ பீடம் மயிரிழையில் தவறிப்போனது. விஞ்ஞானப் பட்டம் எடுத்துக்கொண்டு பாலாவிக்குத் திரும்பி வந்தாள். வாப்பா உப்பளத்தில் மேற்பார்வை வேலை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து சேர்ந்த குடும்பம். மகள் டொக்டராகவில்லை என்ற கவலையை வாப்பா வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவள் கரையோரத்து அரச ஆஸ்பத்திரியில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த அன்று, சந்தியில் கண்டவர்களிடமெல்லாம் "மகள் ஆஸ்பத்திரியில" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேற்கொண்டு விளக்கம் சொல்லாமல் நடந்தார்.

ஆய்வு பாம்புக்கடி பற்றியது. நடத்தியவர் டொக்டர் ரிஃபாஸ். கடிபட்டு வரும் ஒவ்வொருவருக்கும் விஷமுறி மருந்து எப்போது, எத்தனை குப்பி ஏற்றப்பட்டது, இரத்தம் உறைந்ததா, மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று வாட்டுக் குறிப்புகளிலிருந்து எடுத்து நேர வரிசையில் அட்டவணை போடுவதுதான் நிஸ்ரினின் வேலை. மூன்று பகுதிகள்: மருந்து, இரத்தப் பரிசோதனை, ஒவ்வாமை. ஓரத்தில் 'குறிப்பு' என்று ஓர் ஒல்லியான பத்தி.

கேட்க இலகுவாகத்தான் இருக்கும். நோயாளியின் கட்டிலில் தொங்கும் பெட் ஹெட் டிக்கட் என்ற சிகிச்சைக் குறிப்புகளைப் புரட்டியவர்களுக்குத்தான் அதன் சிக்கல் தெரியும். டொக்டர் ஒருவர் பின்னேரம் இரண்டு மணிக்கு ஒரே வரியில் காலை நடந்த எல்லாவற்றையும் எழுதுவார். அந்த இரண்டு மணி அவர் எழுதிய நேரமே தவிர மருந்து ஏறிய நேரமல்ல. "இரத்தம் உறையவில்லை" என்று இருக்கும். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்ட நேரமா, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்த்த நேரமா என்று இருக்காது. நிஸ்ரின் ஊகிக்கமாட்டாள். எழுதப்படாத இடத்தில் 'பதியப்படவில்லை' என்று போடுவாள். எழுதியது யார் என்பதையும் பக்கத்தில் குறிப்பாள்.

அப்படிப் போட்டுப் போட்டுத்தான் அவளுக்கு அலீமா மிஸ்ஸின் கையெழுத்துப் பழகிப்போனது. அலீமா கற்பிட்டிக்காரி. அந்த வாட்டில் பதினான்கு வருஷம் தாதி. குழாயில் இரத்தம் விட்ட நேரம் ஒன்று, சரித்துப் பார்த்த நேரம் ஒன்று என்று பிரித்தே எழுதுவார். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயில் இரத்தம் உறையாமல் கிடந்து ஆளை ஏமாற்றும் என்பதால் புதுக் குழாய் எடுத்ததையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுவார். அவருடைய முறைநாளில் வந்த நோயாளியின் அட்டவணையை நிஸ்ரின் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவாள். மற்றவர்களுடையதற்கு ஒரு நாள் போய்விடும்.

"உங்கட பக்கத்தப் பார்த்தா எனக்கு ரெஸ்ட் எடுத்த மாதிரி, தாத்தா" என்றாள் ஒருநாள், அக்காவை அழைக்கும் முறையில்.

அலீமா சிரிக்கவில்லை. "எனக்கு ஞாபகம் நிக்காது, தங்கச்சி. அதான் எழுதிறது."

பாக்கியம்மாவைக் கொண்டுவந்தது வெங்காய அறுவடைக் காலத்தில். குறிஞ்சிப்பிட்டியில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவரைக் காலை வெயிலேறுவதற்குள் புடையன் பாம்பு கடித்தது. புருஷன் செத்த பாம்பையும் உரப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தார். அலீமா மிஸ்தான் பொறுப்பு. எட்டு மணி கழிந்து குழாயில் விட்ட இரத்தம் எட்டரைக்குச் சரித்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. வாட்டு டொக்டர் வந்து பார்த்தார், விஷமுறி இருபது குப்பி சேலைனில் கலந்து ஏற்றச் சொன்னார், ஒவ்வாமை வராமலிருக்கத் தோலுக்குக் கீழே சிறிது அட்ரினலினும் போடச் சொன்னார். எட்டே முக்காலுக்கு மருந்து ஏறத் தொடங்கியது.

கால் மணித்தியாலம் போகவில்லை. உடம்பெல்லாம் தடித்து, நடுக்கம் கண்டு, வாந்தி வந்து, பிரஷர் விழுந்தது. அலீமா உடனே சேலைனை நிறுத்தினார், தசையில் அட்ரினலின் போட்டார். அரை மணித்தியாலத்துக்குள் பிரஷர் பழையபடி வந்தது. அதுவரை எல்லாமே நடக்கவேண்டியபடிதான் நடந்தது. ஒவ்வாமை அடங்கியதும் நிறுத்திய மருந்தை மெதுவாகத் திரும்ப ஏற்றவேண்டும், ஏனென்றால் விஷம் இன்னும் உடம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் டொக்டர் சொல்லாமல் தாதி திரும்பத் தொடங்கக்கூடாது என்பது அந்த வாட்டின் கட்டளை.

அன்றைக்கென்று பார்த்து சந்தியில் லொறியும் பஸ்ஸும் மோதி பதினொரு பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு இடத்துக்கும் அந்த ஒரு டொக்டர்தான். அலீமா ஒன்பதரைக்கு அழைத்தார். "வாறேன், மிஸ்" என்றார் அவர். பத்துக்கு அழைத்தார். பத்தரைக்கு அழைத்தார், ஆள் அனுப்பினார். ஒவ்வொரு முறையும் 'டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது' என்று நேரத்தோடு எழுதினார். டொக்டர் வந்து சொல்லி மருந்து திரும்ப ஏறத் தொடங்கியபோது பதினொன்று முப்பத்தைந்து.

பின்னேரம் பாக்கியம்மா தலை வலிக்கிறது என்றார். பிறகு பேச்சுக் குழறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழியில் மயங்கினார். மூளையில் இரத்தக்கசிவு. மறுநாள் அங்கேயே இறந்துபோனார்.

வாட்டு டொக்டர் இரண்டு மணிக்கு எழுதியிருந்தது இவ்வளவுதான்: விஷமுறி இருபது குப்பி கொடுக்கப்பட்டது, சிறு ஒவ்வாமை, சமாளிக்கப்பட்டது.

மாகாண சுகாதாரத் திணைக்களத்திலிருந்து விசாரணை வந்தது. நேர வரிசை அட்டவணை ஏற்கனவே ஆய்வில் இருக்கிறது என்று அறிந்து அதையே கேட்டார்கள். நிஸ்ரின் மிகக் கவனமாகச் செய்தாள். மருந்து நிறுத்தம், திரும்பத் தொடக்கம், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணித்தியாலம் முப்பத்தைந்து நிமிஷம். அந்த வெற்றிடத்துக்கு நேரே குறிப்புப் பத்தியில் டொக்டரை அழைத்த நேரங்களை ஒவ்வொன்றாக எழுதினாள்.

டொக்டர் ரிஃபாஸ் வாசித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"இந்தக் குறிப்புப் பத்தி வேணாம், நிஸ்ரின். அவங்க கேட்டது மருந்து, பரிசோதனை, ஒவ்வாமை. மூன்றும் இருக்கு."

"அழைச்சது இல்லாட்டி அந்த இடம் வெறுமையாத் தெரியும், சேர்."

"அழைச்சதெண்டு மிஸ் மட்டும்தானே எழுதியிருக்கா. வேற ஒருத்தரும் உறுதிப்படுத்தலையே."

"நிறுத்தின நேரத்தையும் மிஸ் மட்டும்தான் எழுதினது. அத எடுத்திருக்கிறோம்."

மோசமான மனுஷனல்ல அவர். ஆய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் அந்த ஆஸ்பத்திரியின் அனுமதி தேவைப்பட்டது.

"அது மருந்து விஷயம். இது ஆளுக்கு ஆள் சொன்ன கதை" என்றார். "அட்டவணையில கதை வரக்கூடாது."

அட்டவணை குறிப்புப் பத்தி இல்லாமலே போனது. பார்க்க அழகாக இருந்தது. ஒன்பது மணிக்கு நிறுத்தம், அலீமாவின் பெயர். பதினொன்று முப்பத்தைந்துக்குத் தொடக்கம், அலீமாவின் பெயர். நடுவில் ஒன்றுமில்லை. வாட்டு டொக்டரின் பெயர் ஓரிடத்திலும் தாமதத்தோடு ஒட்டவில்லை, அவர் நேரம் எழுதாததால்.

விசாரணையன்று நிஸ்ரினை அழைத்து அட்டவணையை வாசிக்கச் சொன்னார்கள். பாக்கியம்மாவின் புருஷனும் கதவோரத்தில் உட்கார்ந்திருந்தார். வாசித்து முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"மருந்தைத் திரும்பப் போட ஏன் இவ்வளவு நேரம் போச்சு?"

விசாரணைக் குழுத் தலைவர் அட்டவணையைப் பார்த்தார். பிறகு அலீமாவைப் பார்த்தார். நிஸ்ரின் எழும்பி, தாதி பல முறை அழைத்ததாக டிக்கட்டில் இருக்கிறது என்றாள். "அதைத் தனியாக எழுத்தில் தாருங்கள்" என்றார் தலைவர். அன்றே எழுதிக் கொடுத்தாள், டிக்கட்டின் பிரதியும் சேர்த்து. அதற்குப் பதில் வரவேயில்லை. வாட்டு டொக்டர் மேற்படிப்புக்குப் போய்விட்டார். அலீமாவுக்கு, விசாரணை முடியும்வரை என்று சொல்லி, மலைநாட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம் வந்தது.

போகுமுன் ஒருநாள் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற அலீமாவை நிஸ்ரின் கண்டாள். பக்கத்தில் போய் நின்றாள்.

"தாத்தா, நீங்க அழைச்ச நேரமெல்லாம் நான் போட்டுத்தான் கொடுத்தது. ரிஃபாஸ் சேர்தான் எடுத்துட்டார்."

"ஓம். கேள்விப்பட்டேன்."

"தனியா எழுதியும் கொடுத்தேன்."

"அதுவும் கேள்விப்பட்டேன்." அலீமா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சரியாத்தான் எழுதினீங்க, தங்கச்சி. நானும் சரியாத்தான் எழுதினேன். எழுதாமயே இருந்திருந்தா என்னத்தப் புடிச்சிருப்பாங்க?"

"மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றாள்.

"அந்தப் பொம்பள என்ட கையப் புடிச்சிட்டுக் கிடந்தா. சேலைன் ஏன் ஓடல்லெண்டு கேட்டா. இப்ப வருவார், இப்ப வருவாரெண்டு சொல்லிட்டே இருந்தேன். அத நான் எழுதல்ல. எழுதாமலே அதுமட்டும் ஞாபகத்தில நிக்குது." பஸ் வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

நிஸ்ரின் வேலையை விட நினைத்தாள். வாப்பாவின் முகத்தை நினைத்து விடவில்லை. அடுத்த மாதமே அட்டவணையில் நான்காவது பகுதியாக 'டொக்டருக்கு அறிவித்த நேரம்' என்று ஒன்றைச் சேர்க்கக் கேட்டாள். டொக்டர் ரிஃபாஸ் மறுக்கவில்லை. சேர்த்தார். தன் தவறு அவருக்குத் தெரிந்திருந்தது என்றே அவள் நினைத்தாள்.

அந்தப் பகுதி நிரம்பவில்லை. முந்தலிலிருந்து இறால் பண்ணைத் தொழிலாளி ஒருவர் வந்தார். பிறகு தென்னந்தோட்டக் காவலாளி. பிறகு இன்னும் பலர். டிக்கட்டில் தாதிமார் எழுதியது எல்லாம் ஒரே மாதிரி: விஷமுறி கொடுக்கப்பட்டது. ஒவ்வாமை சமாளிக்கப்பட்டது. தொடங்கிய நேரமில்லை, நிறுத்திய நேரமில்லை, குழாயைச் சரித்துப் பார்த்த நேரமில்லை.

சப்னா என்ற இளம் தாதியிடம் ஒருநாள் கேட்டாள், மருந்தை எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள் என்று.

"ஞாபகமில்ல."

"எழுதி வச்சிருந்தா நல்லம்தானே."

சப்னா கையுறையைக் கழற்றி வாளிக்குள் போட்டாள். "எழுதினவங்க இப்ப எங்க இருக்காங்கெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆய்வுக் கட்டுரை மறுவருஷம் வெளிவந்தது. நன்றி கூறும் இடத்தில் நிஸ்ரினின் பெயரும் இருந்தது. வாப்பா அதைக் கையடக்கத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். ஆய்வின் குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு வசனம் இருந்தது: பெரும்பாலான நோயாளிகளில் மருந்தும் பரிசோதனையும் நடந்த நேரங்களைத் தாதிமார் போதியளவு பதியவில்லை.

நிஸ்ரின் அந்த வசனத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.