பக்கத்தில் காலியாக இருந்த தேதி

பிரார்த்தனைக் கூடத்து மேலாளரை எல்லோரும் நேரக்காரர் என்றே கூப்பிடுவார்கள். கூடத்தின் இணையப் பக்கம் அவர் பொறுப்பு. நடை திறக்கும் நேரம், ஆண்டு விழா அறிவிப்பு, கூடத்துக்குச் சொந்தமான கல்யாண மண்டபம் எந்தத் தேதியில் காலி, அலங்காரக்காரர்கள் முதல் நாள் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்பது வரை அதில் அவர் வைத்ததுதான் எழுத்து. முன்பணம் கட்டாத தேதி காலி என்றே இருக்கும். பெரிய மனிதர்கள் கேட்டும் அவர் இதை மாற்றியதில்லை.

அவர் மகளுக்கு நெடுநாள் கழித்து ஒரு வரன் அமைந்தது. கல்யாணம் அதே மண்டபத்தில் என்று பேசி முடித்தார்கள். ஊழியர் வீட்டு விசேஷத்துக்கு முன்பணம் கிடையாது. ஆனால் நிர்வாகக் குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். ஆண்டு விழா வேலையில் குழுக் கூட்டம் தள்ளிப் போனது.

"குழு என்ன வேண்டாம்னா சொல்லப்போகுது? இப்பவே பதிவுன்னு போட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? அடுத்த வாரம் கூடிருவாங்க."

அதற்குள் மாப்பிள்ளையின் அத்தை வண்டி நிறுத்த இடம் உண்டா என்று பார்க்க அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கல்யாணத் தேதிக்கு நேரே 'காலி' என்றிருந்தது. செய்தி உறவுக்குள் காட்டுத்தீயாகப் பரவியது. மாப்பிள்ளையின் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன சம்பந்தி, ஹால் காலின்னு போட்டிருக்கு?"

"குழு ஒப்புதல் வரணுங்க. வந்ததும் மாத்திடுவேன்."

"பக்கமும் உங்க கையில, ஹாலும் உங்க கையில. பொண்ணு கொடுக்கிறதுல மட்டும் கை நடுங்குதா? நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

அவர் பேச வாயெடுப்பதற்குள் இணைப்பு அறுந்தது. மறுநாள் தரகர் வந்து, 'வேற இடம்' என்று அவர்கள் சொன்னது மண்டபத்தை அல்ல, பெண்ணையே என்று தெளிவாக்கிவிட்டுப் போனார்.

மகள் அழவில்லை. கட்டிலில் விரித்திருந்த புடவைகளை ஒவ்வொன்றாக மடித்தாள்.

"அப்பா, யார் யாருக்கோ பாத்துப் பாத்துப் போடுவீங்களே. எனக்கு ஒரு வார்த்தை போட மனசு வரலையா?"

அவர் சட்டத்தைச் சொல்லலாம், அதைத்தான் அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாளே.

குழு கூடியது. ஒருமனதாக ஒப்புதல் தந்தது. "நேரக்காரரே, உங்க வீட்டு விசேஷம், ஜமாய்ச்சிடுவோம்!" என்று தலைவர் தோளில் தட்டினார். கல்யாணம் நின்ற விஷயம் இன்னும் தலைவர் காதுக்கு எட்டவில்லை. "வேண்டாங்க, அந்த ஒப்புதலை எடுத்துடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேசைக்கு வந்தார் நேரக்காரர்.

சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. யாரோ ஓர் அம்மா அதே தேதியைச் சொல்லிக் கேட்டாள்.

"ஐயா, பக்கத்துல காலின்னு போட்டிருக்கு. நிஜமாவே காலிதானா?"

"காலிதாம்மா," என்றார். "நம்ம பக்கத்துல தப்பா எதுவும் இருக்காது."