மறுமுனையிலிருந்து

பேத்தி வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே பாட்டிக்குத் தெரிந்துவிடும். கல்லா சரியாக இருந்த நாளில் செருப்பு இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும். குறைந்த நாளில் ஒன்று சுவரோரம் போய்க் கவிழ்ந்து கிடக்கும். இரண்டு மாதமாகத் தினமும் ஒரு செருப்பு கவிழ்ந்தேதான் கிடந்தது.

"எவ்வளவு?"

"முப்பது."

"நேத்து?"

"நாப்பது. போ பாட்டி, கேக்காத."

மருமகன் வீட்டின் பின்னறையில்தான் பாட்டியின் வாசம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு அந்தச் சுவரின் ஒவ்வொரு விரிசலும் அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. மூத்த மகள் செத்து, அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டபோது பேத்தியும் இந்த அறைக்கே வந்து சேர்ந்தாள். இளைய மகள் நல்லவள், ஆனால் புருஷன் கிழித்த கோட்டைத் தாண்டத் தெரியாதவள். அந்த மருமகன் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் கேஷ் பொறுப்பாளர். பேத்திக்குக் கல்லாவில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை மாதம் ஒரு முறையாவது சொல்லிக்காட்டாமல் இருக்கமாட்டார்.

பேத்தியின் சம்பளம் ஒன்பதாயிரம். அதில் ஐயாயிரம் சாப்பாட்டுக்கென்று சித்தப்பா கைக்குப் போகும். எண்ணூறு பஸ்ஸுக்கு. மீதி மூவாயிரத்து இருநூறையும் சேர்த்தால் ஏழாவது மாதத்தில் ஒரு தனி அறைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்பதுதான் இருவரின் திட்டம். யாரிடமும் சொல்லாத திட்டம். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அது படுத்திருந்தது. ஆனால் கல்லாவில் குறையும் ஒவ்வொரு ரூபாயையும் கடைக்காரர்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். போன மாதம் தொள்ளாயிரம் போயிற்று. அதற்கு முந்தின மாதமும் அதே அளவு.

"எனக்கு எண்ண வரல, அவ்வளவுதான்," என்றாள் பேத்தி. "சில்லறை குடுக்கறப்ப எங்கேயோ கை தப்புது."

"வாடி இங்க. நான்தான் வாடிக்கைக்காரி. நீ கல்லா. நூத்து முப்பத்தேழு ரூபா சாமானு, இந்தா ஐந்நூறு."

பேத்தி சிரித்துவிட்டாள். பிறகு முறையாகச் செய்தாள். ஐந்நூறைக் கல்லாவுக்குள் போடாமல் மேலேயே வைத்தாள். "ஐந்நூறு குடுத்திருக்கீங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். நூற்று முப்பத்தேழில் தொடங்கி, மூன்று ரூபாய் வைத்து நாற்பது, பத்து வைத்து ஐம்பது, ஐம்பது வைத்து இருநூறு, மூன்று நூறு வைத்து ஐந்நூறு என்று மேல்நோக்கி எண்ணிக் கையில் கொடுத்த பிறகே அந்த நோட்டை உள்ளே போட்டாள். பாட்டி இருபது முறை மாற்றி மாற்றி வாங்கினாள். நடுவில் "ஏம்மா, இந்த சோப்பு விலை ஏறிப்போச்சே" என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். போனில் பேசுவதுபோல நடித்து அவசரப்படுத்தினாள். ஒரு பைசா தப்பவில்லை.

பாட்டி தலையணையில் சாய்ந்துகொண்டாள். "சில்லறை குடுக்கறதுல நீ சரிதான். அப்ப காலையிலதான் ஏதோ தப்பு. கடை திறக்கறப்ப கையில என்ன தர்றாங்க?"

"ரெண்டாயிரம் சில்லறை. பத்து ரூபா கட்டு ஒண்ணு, அதுல நூறு நோட்டு, அது ஆயிரம். இருபது ரூபா நோட்டு இருபத்தஞ்சு, அது ஐந்நூறு. மிச்சம் ஐந்நூறுக்குக் காசு. சித்தப்பா குடுப்பாரு, நான் எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுவேன்."

"எண்ணித்தான் போடறியா?"

"அவர் கட்டைப் பிடிச்சுப்பார். நான் விரல்ல முனையை விர்ர்னு தள்ளி எண்ணுவேன். நூறு இருக்கும்."

"மத்த பிள்ளைங்களுக்குக் குறையுதா?"

"எப்பவாவது. எனக்குத்தான் தினமும்."

பாட்டி தலையணையிலிருந்து நிமிர்ந்தாள். "அந்தக் கட்டுல நோட்டு மடிஞ்சிருக்குமா?"

"மூணு நாலு மடிஞ்சிருக்கும். நேராக்கிட்டுக் குடுப்பேன். ஏன்?"

பாட்டி டப்பாவை எடுக்கச் சொன்னாள். பத்து ரூபாய் நோட்டில் ஒன்பதை உருவி, ஒன்றை மட்டும் பாதியாக மடித்து நடுவில் செருகினாள். மடிப்பு இருந்த பக்கத்தை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்து, மற்ற முனையை நீட்டினாள்.

"எண்ணு."

"பத்து."

"இப்ப இந்தப் பக்கம்." கட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

பேத்தி எண்ணினாள். எட்டு. இன்னொரு முறை எண்ணினாள். எட்டேதான். பிறகு கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படுக்கையில் போட்டாள். ஒன்பது. மடித்த நோட்டின் இரண்டு விளிம்பும் ஒரே முனையில் நின்று இரண்டு நோட்டாகக் கணக்கில் ஏறியிருந்தன. மறுமுனையில் அது இல்லவே இல்லை.

பேத்தி மடித்த நோட்டைக் கையில் எடுத்தாள். "சித்தப்பாவா?"

"சத்தம் போடாத. சுவருக்கு அந்தப் பக்கம் முன்னறையிலதான் சித்தி."

"போய் ஓனர்கிட்ட சொல்றேன்."

"சொல்லு. அவர் வேலை போகும். அவர் வேலை போனா நாம எந்த வீட்டுல உக்காந்து இந்த டப்பாவை எண்ணறது?"

பேத்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலில் காற்றும் வரவில்லை, வெளிச்சமும் வரவில்லை. அப்போதுதான் பாட்டி, இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒரு சனிக்கிழமையைச் சொன்னாள்.

கல்யாணமான வருஷம் ஒரு சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கப் போனாள். டஜன் சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு சட்டைக்கு ஏழு பட்டன், ஒவ்வொரு பட்டனுக்கும் நாலு துளையிலும் நூல் இரண்டு முறை ஏறி இறங்கவேண்டும், முடிச்சு உள்பக்கம் மறையவேண்டும். முடிச்சு வெளியே தெரிந்தால் மேஸ்திரி அந்தச் சட்டையைக் கணக்கில் சேர்க்கமாட்டார். முதல் வாரக் கூலி ஒட்டிய கவரில் வந்தது. மேலே நாற்பத்தெட்டு என்று பென்சிலில் எழுதியிருந்தார்கள். வாங்கினவுடன் பிரித்தால் பேராசைக்காரி என்பார்களே என்று பிரிக்காமலே கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தாள்.

"உள்ள நாப்பத்தாறுதான் இருந்துச்சு. மாமியார் என்னைக் கேக்கல. உன் தாத்தாவைப் பார்த்துக் கேட்டா, 'வழியில கடை ஏதாவது இருக்கா?'ன்னு. திங்கக்கிழமை போய்க் கூலி குடுத்த கிளார்க்கைக் கேட்டேன். 'மேசையை விட்டுப் போனப்புறம் நாங்க பொறுப்பில்ல'ன்னுட்டான். அடுத்த சனிக்கிழமையிலேருந்து மேசையிலேயே கவரைக் கிழிச்சு எண்ணினேன். பின்னாடி நின்னவங்க 'நகரும்மா, உனக்கென்ன லட்சமா குடுத்தாங்க'ன்னு கத்துவாங்க. எனக்கு 'ரெண்டு ரூவா'ன்னு பேரே வெச்சுட்டாங்க. ஆனா அப்புறம் ஒரு நாளும் குறையல."

"மாமியார்?"

"சாகற வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை என் முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்தா. அது மாறல."

பிறகு பாட்டி சொல்லிக்கொடுத்தாள். குற்றம் சொல்லாதே. முகத்தைப் பார்க்காதே. கட்டை உன் கையில் வாங்கு. ரப்பர் பேண்டைக் கழற்று. இரண்டு முனையிலும் எண்ணு. மடிந்தது இருந்தால் நேராக்கி, மேசைமேல் ஒவ்வொன்றாகப் போடு. கடைசி நோட்டு விழும்வரை பேனாவைத் தொடாதே.

மறுநாள் காலை பேத்தி அப்படியே செய்தாள். மற்ற கல்லாப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கடைசி நோட்டும் மேசையில் விழுந்தது. தொண்ணூற்றாறு. "சித்தப்பா, நாலு குறையுது. மடிஞ்சதுல கவனிக்காம விட்டிருப்பீங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு "பேங்க்ல குடுத்த கட்டு, என்னத்தைச் சொல்ல," என்று முனகி, பெட்டியிலிருந்து நாலு பத்து ரூபாய் எடுத்துப் போட்டார். பின்னால் நின்ற பெண்ணும் தன் கட்டை வாங்கியதும் ரப்பர் பேண்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அன்று மாலை இரண்டு செருப்பும் பக்கம் பக்கமாக நின்றன. மாதக் கடைசிவரை அப்படியே நின்றன. சம்பளம் ஒன்பதாயிரமும் முழுதாக வந்தது. பேத்தி அதைக் கடையிலேயே எண்ணி, பஸ்ஸில் இறுக்கிப் பிடித்து, பாட்டியின் மடியில் கொண்டுவந்து கொட்டினாள்.

அன்று மாலையே மருமகன் பின்னறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அத்தை, விலைவாசி எங்கேயோ போயிடுச்சு. இந்த மாசத்திலேருந்து ஏழாயிரம் குடுத்தாத்தான் கட்டுப்படியாகும்."

அவருக்குப் பின்னால் இளைய மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கவர்ல போட்டுத் தர்றேன் மாப்பிள்ளை," என்றாள் பாட்டி.

அவர் போனதும் பேத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள். திருட்டுப் போன மாதத்தில் இரண்டாயிரத்து முந்நூறு மிஞ்சியது. திருட்டு நின்ற மாதத்தில் மிஞ்சுவது ஆயிரத்து இருநூறு. "நல்லா எண்ணச் சொல்லிக்குடுத்த பாட்டி. ஆயிரத்து நூறு நஷ்டம்."

"அப்ப உனக்குத் தெரியாம போச்சு. இப்ப தெரிஞ்சு போகுது."

"போறது போறதுதானே? ஏழு மாசம் இப்ப ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் இந்தச் சுவரையே பார்க்கறதா?"

பாட்டி ஏழாயிரத்தை எண்ணினாள். ஒரு முனையில் எண்ணினாள், மறுமுனையில் எண்ணினாள், கட்டிலில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினாள். கவரில் போட்டு ஒட்டினாள். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் கடகடக்க, பல மாதம் கழித்து முன்னறைவரை நடந்தாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த மருமகன் காலை மடக்கினார்.

"எண்ணிக்கோங்க மாப்பிள்ளை."

"எதுக்கு அத்தை, உங்ககிட்ட எண்ணியா வாங்கப்போறேன்?"

"இல்ல, எண்ணிக்கோங்க. எங்க முன்னாடி."

அவர் காது சிவந்தது. இளைய மகள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். அவர் கவரைப் பிரிக்காமலே சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"உங்க இஷ்டம்," என்றாள் பாட்டி. "எங்க கையை விட்டுப் போனப்புறம் நாங்க பொறுப்பில்ல."

பின்னறைக்குத் திரும்பியதும் பேத்தி கதவைச் சாத்திக் கிசுகிசுத்தாள். "குறைச்சலா வெச்சியா?"

"சேச்சே. ஒரு ரூபா குறையாது. முழுசா இருக்கு."

"பின்ன?"

"அது அவருக்குத் தெரியாதே."

முன்னறையில் கவர் கிழியும் சத்தம் கேட்டது. நோட்டுகள் விர்ரென்று ஓடின. சற்று நிதானித்து, மறுமுனையிலிருந்து இன்னொரு முறை ஓடின. பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாட்டி ஆயிரத்து இருநூறை டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர் அதே இடத்தில்தான் நின்றது. முன்னறையில் மருமகன் மூன்றாம் முறை எண்ணத் தொடங்கியிருந்தார், இந்த முறை ஒவ்வொன்றாக.