ஆறு எண்ணி முடிவதற்குள்

இப்போதும் பெரிய மீட்டிங் என்றால் மூச்சை இழுத்து மெதுவாக விட்டு எண்ணிப் பார்ப்பேன். நாலு வரைக்கும்தான் போகும். அதற்கு மேல் எண்ண விடாமல் பழைய சிநேகிதி ஒருத்தி நினைவில் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். இத்தனை வருஷமாகியும் இந்தத் தொல்லை விட்டபாடில்லை.

பதற்றம் வந்தால் என் பேச்சு தறிகெட்டு ஓடும். அந்தச் சிநேகிதிக்கோ நேர்மாறாக, வாயே திறக்காது. டிப்ளமோ முடித்த கையோடு இருவரும் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனை வேலைக்கு விண்ணப்பித்தோம். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததும் உத்திரமேரூரில் அவள் வீட்டு மொட்டைமாடியில் தினமும் ஒத்திகை.

வழி கண்டுபிடித்தவள் அவள்தான். நாலு எண்ணி மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். ஆறு எண்ணி விட வேண்டும். ஒரு வாக்கியம் முடிந்ததும் சற்று நிறுத்திவிட்டு அடுத்ததைப் பேச வேண்டும். நடுவில் எல்லாம் மறந்துபோனால், இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, தோளைத் தளர்த்தி, ஒரே ஒரு நீண்ட மூச்சு, அப்புறம் பதில்.

"இன்னாடி இப்படி ஓடற? எவன் தொரத்திக்கினு வரான்?" என்று என்னை அடக்குவாள். அவள் மூச்சு விட்டு முடிக்கும்வரை நான் காத்திருப்பேன். 'கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன் சார்' என்று எதிரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எங்கள் இரண்டு மரமண்டைகளுக்கும் தோன்றவில்லை.

இன்டர்வியூ அன்று இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்தபோது மிச்சம் ஒரே இடம். அதிகாரி முதலில் அவளைக் கேட்டார்.

"சூப்பர்வைசர் இல்லாத நேரத்துல மூணு பீஸ் தொடர்ந்து தப்பா வருது. என்ன செய்வீங்க?"

முந்தின நாள் இதற்குப் பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவள் பாதங்கள் தரையில் அழுந்தின. தோள் இறங்கியது. மூச்சு மெதுவாக வெளியே வந்தது. நானும் உள்ளுக்குள் எண்ணினேன். நாலு எண்ணும்போது அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார்.

பதில் தெரியாமல் அவள் விழிக்கவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் இரண்டு எண்ணினால் பேசியிருப்பாள். நான் பேசினேன். பீஸ்களைத் தனியாக எடுத்துக் குறியிட்டு வைப்பேன். லைனை நிறுத்தச் சொல்வேன். பொறுப்பானவருக்கு உடனே போன் செய்வேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, வெகு நிதானமாகச் சொன்னேன். வேலை எனக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் மூச்சு உட்டுக்கினு இருந்தேன். உனக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லடி. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நீ பேசினதுதான் சரி" என்றாள்.

நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.