பன்னிரண்டு ரூபாய் இருபத்தைந்து காசு

என் தவற்றை மறைக்க, என்னை நம்பிய ஒருவரிடம் பொய் சொன்னேன். தவறு கவனக்குறைவால் வந்தது. பொய்யை யோசித்துத்தான் சொன்னேன்.

பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு மியூச்சுவல் ஃபண்டு அலுவலகத்தில், ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பைக் கணக்கிடும் மேசை என்னுடையது. வேலையில் நான் கெட்டிக்காரன். அதைச் சொல்லத் தயக்கமில்லை. சந்தை மூடியதும் ஃபண்டிடம் உள்ள ஒவ்வொரு பங்கின் எண்ணிக்கையையும் அதன் கடைசி விலையால் பெருக்க வேண்டும். கையிருப்புப் பணத்தையும் வரவேண்டிய டிவிடெண்டையும் கூட்டி, நிர்வாகக் கட்டணத்தில் அன்றைய நாளின் பங்கு உட்படக் கொடுக்கவேண்டியதையெல்லாம் கழிக்க வேண்டும். மிச்சத்தை மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் வருவது அன்றைய மதிப்பு. மறுநாள் பேப்பரில் அது வரும்.

திருவொற்றியூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணூர் தொழிற்சாலை ஒன்றில் விருப்ப ஓய்வு வாங்கியவர். என் பேச்சை நம்பித்தான் ஓய்வில் கிடைத்த பணத்தை எங்கள் ஃபண்டில் போட்டார். எட்டாயிரம் யூனிட். பழைய ஷேர் ஆட்டோ ஒன்று விலைக்கு வந்தபோது எல்லாவற்றையும் எடுத்துவிட முடிவு செய்தார்.

"மாமு, வண்டிக்கு தொண்ணூத்தெட்டு, இன்சூரன்சுக்கு ரெண்டு. லட்சம் தேறுமா?"

"முந்தாநாள் கணக்குக்கே லட்சத்துக்கு மேல இருக்குப்பா."

விண்ணப்பத்தை நானே ரயிலில் எடுத்துப்போய், மூன்று மணிக்கு முன்பே கவுன்ட்டரில் முத்திரை வாங்கினேன். அதனால் அன்றைய மதிப்பே அவருக்குப் பொருந்தும்.

அன்று சந்தை மோசமாக விழுந்தது. எங்களிடம் அதிகம் இருந்த ஒரு கம்பெனிப் பங்கு, ஒரு பங்குக்கு இன்னொரு பங்கை இலவசமாக, போனஸாக அறிவித்து, அன்றிலிருந்து பாதி விலையில் கைமாறியது. போனஸ் பங்குகள் கைக்கு வரச் சில வாரம் ஆகும். ஆனாலும் விலை பாதியான அன்றே எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும். நான் பாதி விலையைப் போட்டேன், எண்ணிக்கையைத் தொடவில்லை. பன்னிரண்டு ஐம்பது வரவேண்டியது பன்னிரண்டு இருபத்தைந்தாக வந்தது. சந்தையே விழுந்த நாள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேலதிகாரி என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பதிவேட்டைப் புரட்டியபோது கண்டுபிடித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் பிழை போனால், நஷ்டப்பட்டவருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது விதி. இங்கே இரண்டு சதவீதம். சொல்லவில்லை. விடுபட்ட பங்குகளை அன்றைய கணக்கில் சேர்த்தேன். மதிப்பு மேலேறியது. ஃபண்டில் தொடர்ந்து இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. முந்தைய நாள் வெளியேறியவர்கள்தான் குறைவாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

காசோலை வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரோடு வந்தார். தொண்ணூற்றெட்டாயிரம்.

"இன்னா மாமு இது? நான் எட்த்த அன்னிக்கு வுழுது, மறுநாளு எகிறிக்கினு கீது. என் ஜாதகத்தப் பாத்து வெல போடுறானா?"

"மார்க்கெட்டுன்னா அப்படித்தாம்பா" என்றேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

வண்டியை வாங்கினார். இன்சூரன்ஸ் கட்டப் பணமில்லை. அது இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். பன்னிரண்டு நாள் வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றது. கடைசியில் தண்டல்காரரிடம் கடன் வாங்கிக் கட்டினார். தினமும் வேலைக்குப் போகும்போது அந்த வண்டியைத் தாண்டித்தான் நான் போனேன்.

இரண்டு மாதம் தாங்கினேன். பிறகு நடந்ததை எல்லாம் எழுதி மேலிடத்தில் கொடுத்தேன். அன்று வெளியேறிய பதினோரு பேரின் பட்டியலையும் இணைத்தேன். கம்பெனி தன் பணத்திலிருந்து பதினோரு பேருக்கும் ஈடு கொடுத்தது. என்னை அந்த மேசையிலிருந்து எடுத்து, ராயபுரத்தில் பழைய ஃபைல்கள் இருந்த அறைக்கு மாற்றினார்கள். அது சரிதான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கான இரண்டாயிரம் ரூபாய்க் காசோலையோடு, அவர் வண்டி நிற்கும் டோல்கேட் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு நாள் வருமானத்துக்கும் தண்டல் வட்டிக்கும் ஈடாக என் சொந்தப் பணத்தை ஒரு கவரில் வைத்து நீட்டினேன்.

காசோலையைப் படித்துப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கவரைத் தொடவில்லை.

"செக்கு கணக்குல வந்த தப்புக்கு, வாங்கிக்கினேன். இது நீ சொன்ன பொய்க்கு. அதுக்கும் ரேட்டு போட்டு எட்த்துகினு வந்துகீறியா?"

கவரை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஏறு சார். ராயபுரந்தான?"

அதுவரை அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. ராயபுரத்தில் இறங்கிப் பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். கட்டணம் ஐந்து. மீதி ஐந்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்த சவாரியைக் கூவி அழைத்தார்.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்த வண்டியில் போயிருக்கிறேன். ஒரு நாளும் சில்லறை குறைந்ததில்லை. மாமு என்று அவர் கூப்பிட்டதும் இல்லை.