இரண்டடி இருக்கைக்கு மூன்று முறை எழுதிய குறிப்பு

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்வது என் தொழில். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஆபீஸ். ஒரு வீட்டு வேலை முடிந்ததும் படம் எடுத்து, கீழே குறிப்பு எழுதி இன்ஸ்டாகிராமில் போடுவேன். எவ்வளவு செலவு, எத்தனை நாள், எதற்காக எதைச் செய்தோம் என்று மூன்று பத்தி. கேரள, தமிழ்நாட்டு எல்லையின் இரண்டு பக்கத்திலும் வாடிக்கையாளர்கள் இருப்பதால் மலையாளத்திலும் தமிழிலும் எழுதுவேன். படத்தைவிட என் குறிப்பைத்தான் ஜனங்கள் விரும்பிப் படிக்கிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புக்கு அடி விழுந்த கதை இது.

இந்தக் கதையில் வரும் வீடு, கோர்ட்டில் தட்டச்சு வேலை பார்க்கும் ஓர் அக்காவுடையது. ஐம்பது வயது தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாட்சிகள் சொல்வதை முப்பது வருஷமாகத் தட்டச்சு செய்கிறவர். அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு, ஆற்றுப் பக்கம் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு பிளாட் வாங்கியிருந்தார். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார், "எனக்கு ஆடம்பரம் ஒண்ணும் வேண்டாம் மக்கா. கதவெ அடச்சா எனக்க வீடுன்னு தோணணும். அம்புட்டுதான்."

மர வேலைக்கு நான் எப்போதும் கூப்பிடுவது பாறசாலைக்கார ஆசாரி ஒருவரை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். அவருக்கு வரும் வேலையில் பாதி என் குறிப்பின் கடைசி வரியால் வருவது. 'மர வேலை' என்று போட்டு அவர் போன் எண்ணைக் கொடுத்திருப்பேன். நான் எழுதுவதை அவர் ஒன்றுவிடாமல் படிப்பார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

இனி பிழைக்கு வருகிறேன். படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்கத் துணி அலமாரி. சுவரை அளக்கும்போது கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும், அதில் சின்ன அளவைத்தான் எடுக்க வேண்டும். எந்தச் சுவரும் நேராக நிற்பதில்லை. இது தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம். அன்றைக்கு மழை வேறு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது வேறு. தரையோடு மட்டும் டேப்பைப் பிடித்தேன். எட்டடி ஓரங்குலம். இரண்டடி அகலத்தில் நான்கு பெட்டி என்று வரைந்து ஆசாரிக்கு அனுப்பினேன். அவர் தன் ஷெட்டில் பெட்டிகளைச் செய்து, மைக்கா ஒட்டி, மினி லாரியில் கொண்டுவந்தார். மூன்று பெட்டி நின்றது. நான்காவது உள்ளே போகவில்லை. தோள் உயரத்தில் சுவர் உள்ளே சாய்ந்து, எட்டடிக்கு அரை அங்குலம் குறைவாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தார். அலமாரி வைத்தாகிவிட்டதா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "ஆசாரிக்கு அளவு கொஞ்சம் மாறிப் போச்சு அக்கா, சரி பண்ணிரலாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆசாரி இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கையில் டேப் இருந்தது. அவர் அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நானும் போனை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பற்றிப் பேசினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தைத் தள்ளிவைக்க வேலை நிறைய இருந்தது.

நான்காவது பெட்டியைச் சிறிதாக்குவது என்றால் கழற்றி, கதவும் மைக்காவும் புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் அதைப் பிரித்து அந்தப் பலகையில் வாசலுக்குச் செருப்பு அலமாரி செய்தோம். படுக்கையறையில் மூன்றாவது பெட்டிக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டடி இடம் காலியாகக் கிடந்தது. அங்கே ஓர் இருக்கை வந்தது. ஒரு மெத்தை, மேலே இரண்டு தட்டு, ஒரு சின்ன விளக்கு. பெட்டியின் பக்கம் இப்போது வெளியே தெரிந்ததால் அதற்கும் மைக்கா வேண்டியிருந்தது. அந்த நிறம் கடையில் தீர்ந்துபோய்ப் பதினெட்டு நாள் கழித்து வந்தது.

வீடு நன்றாக அமைந்துவிட்டது. பெருமையாகவே சொல்கிறேன். அக்கா குடிவந்த பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் படம் எடுக்கப் போனேன். ஒரு கதவு கிரீச்சிடுகிறது என்று ஆசாரியும் கீல் மாற்ற வந்திருந்தார். ஜன்னலோர இருக்கையில் அக்காவின் கண்ணாடியும் பைபிளும் பாதி மடித்த பேப்பரும் கிடந்தன. அதை அப்படியே படம் எடுத்தேன். குறிப்பையும் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நகரத்தில் ஒரு டாக்டர் தம்பதி, இந்த வீட்டுப் படமும் குறிப்பும் வந்ததும் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டு வேலையைத் தருவது பற்றிச் சொல்வதாக இருந்தார்கள். எனக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது.

தன் வீட்டைப் பற்றி எழுதுவதைத் தான் படிக்க வேண்டும் என்று அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனை வாங்கிக்கொண்டார். வாக்குமூலம் படிக்கிறவர் போலவே படித்தார்.

"செலவு ஏழு லட்சம்னு போட்டிருக்கியே, ஃபேனும் ஃபிரிட்ஜும் அதுல உண்டா?"

"இல்லை அக்கா. மரம், பெயின்ட், லைட், கூலி."

"அப்ப அதெச் சொல்லணும். பிறகு இதெப் படிச்சிட்டு ஒரு பாவம் ஏழு லட்சத்தெக் கொண்டு வருவா, நீ ஃபேன் தனின்னு சொல்லுவே." அடுத்த பத்தி. "எழுபது நாளா? நான் அட்வான்ஸ் தந்து நூறாவது நாளாக்கும் சாவி வாங்கினேன். காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்."

வரைபடம் போட்ட பன்னிரண்டு நாளையும் மைக்காவுக்குக் காத்திருந்த பதினெட்டு நாளையும் எங்கள் தொழிலில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "நான் காத்திருந்தது கணக்குல வராதா?" என்று கேட்டார். மாற்றினேன். எரிச்சலாக இருந்தது, ஆனாலும் சொன்னது சரிதான்.

மூன்றாவது பத்தியில் நான் இப்படி எழுதியிருந்தேன்: 'வீட்டுக்காரரின் வாசிக்கும் பழக்கத்தை மனதில் வைத்து ஆரம்பத்திலேயே திட்டமிட்ட ஜன்னலோர இருக்கை.' அக்கா அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். கீல் மாட்டிக்கொண்டிருந்த ஆசாரி பக்கம் திரும்பினார்.

"அண்ணே, கேட்டீரா? நீரு அளவு பிழைச்சதெ இவ திட்டம் போட்டதுன்னு எழுதியிருக்கா. எனக்கு இந்த வீட்டுல எல்லாத்தெக்காட்டியும் பிடிச்ச இடம் இதாக்கும். உமக்க பிழைக்கு நான் நன்றி சொல்லணும்." பிறகு என்னிடம், "உள்ளதெ எழுது மக்கா. ஆசாரிக்க அளவுப் பிழையிலெ கிட்டின இருக்கைன்னு எழுது. படிக்கியவங்களுக்கும் ரசமா இருக்கும்."

ஆசாரி ஸ்குரூ டிரைவரை நிறுத்தவில்லை. "ஆமா அக்கா" என்று மட்டும் சொன்னார்.

போனில் சொன்ன ஒரு வார்த்தை போனோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். இப்போது அது எல்லோரும் படிக்கிற இடத்தில் ஏறப்போகிறது. அதற்கு நாலு வரி கீழே அவர் போன் எண் இருக்கும். அளவு பிழைத்த ஆசாரியை யார் கூப்பிடுவார்கள்? உண்மையைச் சொன்னாலோ, அளக்கத் தெரியாத டிசைனரை எந்த டாக்டர் கூப்பிடுவார்? பழைய வரியே இருக்கட்டும் என்று அக்காவிடம் கெஞ்சலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு அவர் மசியமாட்டார். அதைவிட, ஆசாரி சொன்ன அந்த 'ஆமா அக்கா' எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அளவு எடுத்தது நான்" என்றேன். "கீழே மட்டும் அளந்தேன். ஆசாரி அண்ணன் நான் தந்தபடிதான் செய்தார். அன்றைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். கோர்ட்டில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்பாரோ. பிறகு, "அப்ப அதெ எழுது" என்று போனைத் திருப்பித் தந்தார். "சாயா போடுதேன். அண்ணே, உமக்குச் சீனி வேணுமில்லியா?" சாயாவோடு பழவடையும் வந்தது. ஆசாரிக்கு மட்டும் இரண்டு வைத்தார்.

அங்கேயே மாற்றி எழுதினேன். 'சுவரைக் கீழே மட்டும் அளந்தது என் பிழை. அதனால் அலமாரியில் ஒரு பெட்டி குறைந்தது, வேலை பதினெட்டு நாள் நீண்டது. அந்தக் காலி இடத்தை நான் ஜன்னலோர இருக்கையாக வடிவமைத்தேன்.' எழுதி முடித்ததும் மனசு லேசானது. என் நேர்மையை நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் தம்பதியிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் நான் போட்ட வேறெந்த வீட்டுக்கும் வராத அளவு ஜனங்கள் அதைப் படித்தார்கள். பலரும் தங்கள் வீட்டுச் சுவர்க் கோணலைப் பற்றி எழுதியிருந்தார்கள். இரண்டு வாரத்தில் கொல்லயில் என்ற ஊரில் ஒரு மாடி வீட்டுச் சமையலறை வேலை வந்தது. சின்ன வேலைதான். அளவெடுக்க நானும் ஆசாரியும் போனோம். டேப்பின் ஒரு நுனியை அவர் பிடித்திருந்தார்.

"மேடம், குறிப்பு படிச்சேன்" என்றார் திடீரென்று. "பிழை உங்களுதுன்னு எழுதினதுல சந்தோஷம். எனக்க பொஞ்சாதிக்கும் வாசிச்சுக் காட்டினேன்."

பரவாயில்லை அண்ணா, உள்ளதைத்தானே எழுதினேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"ஆனா ஒண்ணு உண்டு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த இடத்துல ஒரு பெயின்ட் டப்பாவெக் கமத்திப் போட்டு இருந்து நான் சோறு தின்னேன், ஓர்மை உண்டா? இஞ்ச நல்ல காத்து உண்டு மேடம், அக்காவுக்கு இருக்க ஒரு இடம் ஆக்கலாம்னு சொன்னேன். நீங்க போன்ல எதோ பாத்துட்டு இருந்தீங்க. மறுநாளு படம் வரஞ்சு கொண்டு வந்தீங்க."

எனக்கு டப்பா ஞாபகம் வந்தது. நீல மூடி போட்ட இருபது லிட்டர் டப்பா. அதில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து அவர் சாப்பிட்டதும் ஞாபகம் வந்தது. அவர் சொன்னது மட்டும் என் யோசனையாகவே என் மனசில் தங்கிவிட்டிருந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தேன். முதலில் என் பிழையை அவருக்குக் கொடுத்தேன், பிறகு அவர் யோசனைக்கான நல்ல பெயரை நான் வைத்துக்கொண்டேன்.

டேப்பைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். 'நான் வடிவமைத்தேன்' என்பதை அழித்தேன். 'இங்கே ஓர் இருக்கை போடலாம் என்று சொன்னது ஆசாரி. நான் வரைந்தேன்' என்று எழுதிக் காட்டினேன். அவர் போனைத் தூரமாகப் பிடித்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார்.

"இப்ப சரியாச்சு" என்று திருப்பித் தந்தார். பிறகு டேப்பின் நுனியைச் சுவரோடு தூக்கிப் பிடித்தார். "கீழ எழுதியாச்சு, நடுவிலயும் எழுதியாச்சு. மேல எவ்வளவு உண்டுன்னு பாருங்க மேடம்."